தட்டுப் பக்கம் போனாலே உறுமுகிற நாயை என்ன செய்வது?

சோற்றை வைக்கிற வரைக்கும் வாலை ஆட்டிக்கொண்டு காலைச் சுற்றிய நாய், வைத்த பிறகு நீங்கள் அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு போனால் தலையைத் தட்டுக்குள் இன்னும் கீழே இறக்கி, உடம்பை விறைத்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே உறுமுகிறதா? அப்படியென்றால் இது உங்களுக்கு. நாய்ப் பயிற்சி தருகிறவர்கள் இதை ரிசோர்ஸ் கார்டிங் என்பார்கள். தன்னிடம் இருப்பதை இன்னொருவர் எடுத்துவிடுவார் என்று பயந்து காவல் காக்கிற பழக்கம், அவ்வளவுதான். திமிர் கிடையாது, வீட்டில் யார் பெரியவர் என்ற போட்டியும் கிடையாது. நம் கரையில் இதை அதிகம் பார்க்கிறேன், ஏனென்றால் இங்கே பல வீட்டு நாய்கள் கடையில் வாங்கியவை அல்ல. மண்டபம், பாம்பன், தொண்டி, ஏர்வாடி என்று எங்காவது மீன் இறங்குகிற இடத்தில் பத்து நாயோடு அடித்துப் பிடித்துத் தின்று வளர்ந்த குட்டியைத்தான் தூக்கி வருகிறோம். அங்கே வேகமாக விழுங்காத குட்டிக்கு வயிறு நிறையாது.

இதற்கு ஊரில் கிடைக்கிற யோசனை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். தின்னும்போது தட்டுக்குள் கையை விட்டுப் பழக்கு, பாதியில் தட்டைப் பிடுங்கு, உறுமினால் ஒரு போடு போடு. மூன்றுமே தப்பு. ஆள் வந்தால் சோறு போய்விடும் என்று நாய் சந்தேகப்படுகிறது, நீங்கள் வந்து சோற்றை எடுத்து அந்தச் சந்தேகம் சரிதான் என்று நிரூபிக்கிறீர்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும், உண்மைதான், ஆனால் பயம் போயிருக்காது. அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடிக்கும். எச்சரித்துவிட்டுக் கடிக்கிற நாயைவிட எச்சரிக்காமல் கடிக்கிற நாய்தான் வீட்டுக்கு ஆபத்து, அதனால் உறுமல் கேட்டால் கோபப்படாமல் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

முதலில் யாருக்கும் கடிபடாமல் பார்த்துக்கொள்வது

பழக்கத்தை மாற்ற வாரங்கள் ஆகும், சில நாய்க்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தட்டு வைக்கிற இடத்தை மாற்றுங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத மூலை வேண்டும், முடிந்தால் கதவோ தட்டியோ போட்டு அடைக்கிற இடமாக இருக்கட்டும். சாப்பிட்டு முடித்து நாய் தானாக வெளியே வந்த பிறகு, அதை வேறு பக்கம் அனுப்பிவிட்டுத் தட்டை எடுங்கள். பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கே இருக்கவே கூடாது. சொன்னால் கேட்கிற வயசு பிள்ளை என்றாலும் கதவு நடுவில் இருக்கட்டும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் சோறு வையுங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

கடி பட்டுவிட்டால் காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். தோலில் போடுகிற வெறிநாய்க்கடி தடுப்பூசி முதல் நாள் போட்டபின் 3, 7, 28 ஆகிய நாட்களில் திரும்பப் போட வேண்டும், ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். நம்ம வீட்டு நாய்தானே, அதற்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள், டாக்டர் முடிவு பண்ணட்டும்.

நேற்று வரை சாதுவாகச் சாப்பிட்ட நாய் திடீரென்று உறும ஆரம்பித்தால் பயிற்சிக்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் வலி, காதில் சீழ், வாயில் குத்தி நிற்கிற தூண்டில் முள், அண்ணத்தில் குறுக்கே மாட்டிய மீன் முள், எதுவாகவும் இருக்கலாம். சொறிக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கண்டபடி கூட்டும், அந்த நாட்களில் தட்டைக் காவல் காப்பதும் கூடும். நாய் ஏற்கெனவே தோல் கிழிகிற அளவுக்குக் கடித்திருந்தாலோ, சின்னப் பிள்ளை இருந்து நாயைத் தனியாக அடைக்க வசதி இல்லாத வீடாக இருந்தாலோ, கீழே சொல்வதை நீங்களாகச் செய்ய வேண்டாம். அடிக்காமல் பழக்குகிற பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்கே தொடங்குவது என்று நாயே சொல்லும்

உறுமல் வருவதற்கு முன்பே நாய் பல விஷயம் சொல்லிவிடும். தள்ளி நின்று பாருங்கள். ஆள் வரும்போது சாப்பிடுகிற வேகம் கூடும், அப்புறம் திடீரென்று மெல்லுவது நின்றுவிடும். தலை அசையாது, கண் மட்டும் ஓரமாக உங்களைப் பார்க்கும், கருவிழிக்குப் பக்கத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரியும். வால் ஆடினாலும் விறைப்பாக, மெதுவாக ஆடும். புதிதாக நாய் வளர்க்கிறவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். பாருங்களேன், நான் பக்கத்தில் நிற்கிறேன், அசையாமல் அமைதியாக இருக்கிறது என்பார்கள். அமைதியான நாயின் உடம்பு தளர்ந்திருக்கும், தாடை வேலை செய்துகொண்டே இருக்கும். சாப்பாட்டின் நடுவில் சிலை மாதிரி நிற்கிற நாய் உங்களுக்குக் கடைசி வாய்ப்பு கொடுக்கிறது.

எந்தத் தூரத்தில் இந்த விறைப்பு ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு நாய்க்கு அது 4 அடி, இன்னொன்றுக்கு வாசல்படியில் ஆள் நிழல் தெரிந்தாலே போதும். அதற்கு வெளியே, அதாவது உங்களைப் பார்த்தும் அலட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிற தூரத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

தட்டுப் பயிற்சி

தட்டில் இருப்பதைவிட நீங்கள் போடுவது ருசியாக இருக்க வேண்டும். வழக்கமான சோற்றில் கொஞ்சம் மீன் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வைத்தால், கையில் இருப்பது உப்புப் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் துண்டாகவோ கோழித் துண்டாகவோ அவித்த முட்டையாகவோ இருக்கட்டும். சுண்டுவிரல் நகம் அளவு போதும். கருவாட்டுக்கு எந்த நாயும் மயங்கும்தான், ஆனால் அதில் இருக்கிற உப்பு நாய்க்கு ஆகாது. குழம்பில் போட்ட துண்டும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

இப்போது, நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பாதுகாப்பான தூரத்தில் வந்து நில்லுங்கள். நாய் உங்களைக் கவனித்த பிறகு, ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு உடனே திரும்பிப் போய்விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வாருங்கள், எறியுங்கள், போங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு தடவை போதும். பக்கத்தில் நின்று கொஞ்ச வேண்டாம், பேசிக்கொண்டே நிற்கவும் வேண்டாம். வந்தவர் கொடுத்தார், எதையும் எடுக்காமல் போனார். நாய்க்கு இது மட்டும் பதிந்தால் போதும்.

வரிசை முக்கியம். முதலில் நீங்கள் தெரிய வேண்டும், அதற்குப் பிறகு துண்டு விழ வேண்டும். துண்டை முதலில் எறிந்துவிட்டு அப்புறம் கிட்டே போனால், ருசியானது விழுந்தால் ஆள் நெருங்கப்போகிறார் என்று பாடம் தலைகீழாக மாறிவிடும், சில நாள் கழித்துத் துண்டு விழும்போதே நாய் விறைக்கும். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் செய்துவிட்டு இந்த முறை எங்கள் நாய்க்கு ஒத்துவரவில்லை என்கிறார்கள்.

எப்போது அடுத்த கட்டம்? உங்களைப் பார்த்ததும் நாய் தட்டிலிருந்து முகத்தைத் தூக்கி, காதும் வாலும் தளர்வாக, இந்தத் தடவை என்ன கொண்டுவந்தாய் என்கிற மாதிரி பார்க்கும். சாப்பிடுவதை நிறுத்தி விறைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும், முகம் மேலே வருகிறதா கீழே அழுந்துகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து நாலைந்து வேளை இப்படிப் பார்த்தால் அரை அடி உள்ளே வரலாம். உள்ளே வந்த இடத்தில் விறைத்தால், கையில் இருக்கிற துண்டை அங்கிருந்தே எறிந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அடுத்த வேளை இன்னும் பின்னாலிருந்து ஆரம்பியுங்கள். உறுமினதுக்குப் பரிசு கொடுத்துவிட்டோமோ என்று கவலை வரும். பயத்தில் வருகிற உறுமல் ஒரு மீன் துண்டால் வளர்ந்துவிடாது, ஆனால் அதே தூரத்தில் திரும்பத் திரும்ப உறும வைத்தால் கட்டாயம் வளரும்.

தட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்ட பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நின்றபடி துண்டைத் தட்டுக்குள் விடுவது ஒன்று. குனிந்து விடுவது வேறு, நாய்க்கு அது பெரிய விஷயம், அதனால் முதலில் லேசாக முதுகை வளைத்தால் போதும். கையைத் தட்டின் விளிம்புக்குக் கொண்டுபோவது அதற்கும் பிறகு. ஒரு கட்டத்தில் காலித் தட்டை வைத்து, நாய் நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு கரண்டி போட்டு, அது தின்று முடித்து மறுபடி பார்க்கும்போது இன்னொரு கரண்டி போட்டு, சாப்பாட்டையே இப்படிப் பிரித்துப் போடலாம். மனிதக் கை வந்தால்தான் தட்டு நிறைகிறது என்று அதற்கு நன்றாக விளங்கும்.

சாப்பிடுகிற தட்டை அப்படியே தூக்குகிற அளவுக்குப் பழக்க வேண்டுமா என்றால், என் பார்வையில் வேண்டாம். குறுக்கே யாராவது நடந்து போனால் விறைக்காமல் சாப்பிடுகிறது என்கிற வரைக்கும் வந்தால் ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். தட்டை எடுத்துக் காட்டுவது வந்தவர்களிடம் வித்தை காட்டத்தான் உதவும்.

தங்கச்சிமடத்து டைகர்

சொந்தக்காரர் வீட்டு நாய், செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்து வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் இறங்குகிற இடத்தில் கழிவு மீனும் குறைந்துவிடும், அதை நம்பி இருக்கிற நாய்கள் எலும்பும் தோலுமாகிவிடும். இந்தக் குட்டியும் அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு வந்து வயிறு நிறைந்த பிறகும் தட்டு முன்னால் அதே அவசரம்.

வைத்த இடம் வேறு சரியில்லை. அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவில் ஒரு சந்து, வீட்டில் எல்லாரும் தண்ணீர் எடுக்க அந்த வழியாகத்தான் போக வேண்டும். டைகர் ஒரு வேளை சாப்பிடுவதற்குள் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்கள், ஒவ்வொரு தடவையும் அது விழுங்குகிற வேகம் கூடும். அந்த வீட்டு அம்மாச்சி முதல் நாளே, "திங்கிற நாயைச் சீண்டாதீங்கடா" என்று சொல்லியும் பையன் ஒருவன் தட்டை நகர்த்தப் போய் அவன் சட்டைக் கை கிழிந்தது. தோலில் பல் படவில்லை, அந்த மட்டும் தப்பித்தான்.

முதலில் தட்டு கொல்லைக்குப் போனது, வேப்பமரத்துப் பக்கம் கீற்றுத் தட்டி போட்டு ஒரு மூலை. ஒரு வேளைச் சோற்றை மூன்று வேளையாகப் பிரித்தார்கள், தட்டிக்குள் யாரும் போகவில்லை. வேறு எதுவும் செய்யாமலே விழுங்குகிற வேகம் குறைந்தது. அப்புறம் அந்த வீட்டு அக்கா மட்டும் தட்டிக்கு வெளியே 8 அடியில் ஆரம்பித்தார், ஏனென்றால் 6 அடியில் டைகரின் மெல்லுதல் நின்றுவிட்டது. கையில் அவித்த நெத்திலி, தலையும் நடுமுள்ளும் எடுத்தது. வருவார், போடுவார், போய்விடுவார். மூன்றடிக்கு வந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக் குனிந்தார், உதடு மேலே போய்விட்டது. திரும்ப 5 அடி. அடுத்த தடவை மூன்றடியில் குனியாமல் நின்றபடியே பல வேளை போட்டு, அதன் பிறகு முழங்கால் லேசாக மடக்கி, அப்புறம்தான் குனிந்தார்.

அக்காவிடம் பழகிய டைகர் கடலுக்குப் போய்விட்டு வந்த மாமாவைப் பார்த்து உறுமியது. அது இயல்பு. இவரிடம் கற்றதை இன்னொருவரிடம் நாய் தானாகப் பொருத்திப் பார்க்காது, ஆளுக்கு ஆள் முதல் படியிலிருந்து செய்ய வேண்டும், இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம் சீக்கிரம் முடியும். மாமாவும் 8 அடியில்தான் தொடங்கினார். பையனைப் பயிற்சிக்குள் கொண்டுவரவே இல்லை, அவனுக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் என்கிற சட்டம் மட்டும்.

இப்போது தட்டில் சோறு இருக்கும்போது யார் குறுக்கே போனாலும் டைகர் கண்டுகொள்வதில்லை. கோழிக்கால் எலும்பு ஒன்று எங்கிருந்தோ கிடைத்தால் கட்டிலுக்கு அடியில் போய் இன்னும் உறுமுகிறது. தட்டில் தீர்ந்தது எலும்பில் தீராது, பொருளின் மதிப்பு கூடக் கூடத் தனியாகப் பழக்க வேண்டும். அந்த வீட்டில் வேறு வழி எடுத்தார்கள், எலும்பே கொடுப்பதில்லை.

வாயில் கவ்வியதை வாங்குவது

பந்து, செருப்பு, கரையில் கிடக்கிற வலை மிதவை, இதையெல்லாம் நாய் கவ்விக்கொண்டு ஓடும்போது நாம் துரத்துகிறோம். துரத்தத் துரத்த அதன் மதிப்பு ஏறுகிறது. இங்கே பண்டமாற்றுதான் வழி. நாய்க்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பொருளில் ஆரம்பியுங்கள், பழைய துணி மாதிரி. அது வாயில் இருக்கும்போது "கொடு" என்று ஒரே ஒரு தடவை சொல்லி, நாலைந்து துண்டுகளை நாயை விட்டு மூன்று நாலு எட்டு தள்ளித் தரையில் சிதறிப் போடுங்கள். பொருளுக்குப் பக்கத்தில் போட்டால் நாய் அதன்மேல் காலை வைத்துக்கொண்டே தின்னும், உங்கள் கையும் ஆபத்தான இடத்துக்குப் போகும். நாய் மூன்று நாலு எட்டு தள்ளிப் போய்ப் பொறுக்கித் தின்னும்போது பொருளை எடுங்கள், அப்புறம் திருப்பி நாயிடமே கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. பத்துக்கு ஒன்பது தடவை திரும்பக் கிடைக்கிறது என்று தெரிந்த நாய், நீங்கள் உண்மையிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய அந்த ஒரு தடவை தகராறு பண்ணாது.

அந்த ஒரு தடவை நம் கரையில் கட்டாயம் வரும். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் மணலில் உப்பிக் கிடக்கும், அதில் இருக்கிற விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. நாய் அதைத் தின்றுவிட்டால் வாந்தி, கால் தள்ளாட்டம் எதற்கும் காத்திருக்காமல் வண்டி பிடியுங்கள். அதே மாதிரி இரை குத்திய தூண்டில் முள், தூண்டிலில் கட்டுகிற நரம்பு. நாய் இவற்றைக் கவ்வியிருக்கும்போது நெருங்கினால் பறிபோய்விடுமே என்று ஒரே விழுங்காக விழுங்கும், காவல் காக்கிற நாய்க்கு இது இன்னும் அதிகம். அதனால் கத்தாமல், ஓடாமல், பையில் இருக்கிற நல்ல துண்டுகளைச் சிதறிப் போட்டு உங்களோடு இரண்டு மூன்று எட்டு நகர வையுங்கள். நரம்பை விழுங்கி, நுனி மட்டும் வாய்க்கு வெளியேயோ பின்பக்கமோ தொங்கினால் இழுக்காதீர்கள், அது குடலை உள்ளேயே அறுத்துவிடும். அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். கரைக்கு நடைபோகும்போது கயிறு போட்டுக் கூட்டிப் போவதும், பையில் எப்போதும் ஒரு பிடி அவித்த துண்டு இருப்பதும் பாதி வேலையை முடித்துவிடும்.

எல்லாம் நன்றாக வந்த பிறகும் வாரத்தில் ஓரிரு வேளை தட்டுப் பக்கம் போய் ஒரு துண்டு போட்டுவிட்டு வாருங்கள். திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள் வருகிற நாட்களில் மட்டும் பழகிவிட்டதே என்று விடாமல், சாப்பாட்டு நேரத்தில் தட்டியைச் சாத்திவிடுங்கள்.